சுதேச மரம் நடுகைக்கு 4 இலட்சம்: எங்கள் கழகத்தின் நிதி விண்ணப்பத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஊவாக்காற்று

வணக்கம். பதுளைப் பக்கத்தில் உள்ள ஒரு வளாகத்தில் சூழல் கழகத்தின் செயலாளராக இருக்கிறேன். மைதானத்துக்கு மேலே தொடங்கி மாணவியர் விடுதியின் பின்புறம் வரை எங்களுக்கு ஒரு புற்சரிவு இருக்கிறது. முழுவதும் மானாப்புல்தான். அங்கே சுதேச மரங்களை நட வேண்டும் என்பது எங்கள் திட்டம். முன்னாள் மாணவர் நிதியம் ஒன்று ரூ. 400,000 வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது. இம்மாத இறுதிக்குள் விண்ணப்பம் போக வேண்டும்.

இப்போது எழுதி வைத்திருக்கும் வரவுசெலவு இதுதான். 300 கன்றுகள், ஒன்று ரூ. 400 வீதம் 120,000. குழி வெட்ட 60,000. நடுகை நாள் செலவு, அதாவது கூடாரம், பதாகை, டீசேட், மதிய உணவு எல்லாம் சேர்த்து 145,000. மரங்களுக்குப் பெயர்ப்பலகை 45,000. மூன்று வருடப் பராமரிப்பு 30,000. மரங்கள்: நாகமரம், மருது, நெல்லி, வேம்பு. நடுகை நாள் ஜூன் 5, உலக சுற்றாடல் தினம்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்விதான் எங்களைத் திணற வைக்கிறது: "கன்றுகள் உயிரோடு இருப்பதை எவ்வாறு சரிபார்ப்பீர்கள்?" நாங்கள் எழுதியிருப்பது: "ஆண்டுதோறும் எண்ணுவோம். இறந்தவற்றுக்குப் பதிலாகப் புதிய கன்றுகளை நட்டு 85 வீதத்தைப் பேணுவோம்." இது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஹட்டன் மைந்தன்

நல்ல முயற்சி, தங்கச்சி. ஜூன் 5 மிகச் சரியான நாள். மே மாதக் கடைசியில் மழை பிடித்துவிடும். அதன் பிறகு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. எங்கள் தோட்டத்தில் நிழல் மரங்கள் வைப்பதும் அந்தக் காலத்தில்தான். பராமரிப்புக்கு 30,000 தாராளம்.

வேங்கையடி

ஹட்டன் தம்பி சொல்வது ஹட்டனுக்குச் சரி. பதுளைக்கு அது கன்றுகளைக் கொல்லும் ஆலோசனை.

நான் மரநடுகை வேலையிலேயே வயதைக் கழித்தவன். மேற்குச் சரிவில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்த கச்சான் காற்றாகத்தான் வருகிறது. ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை அந்தக் காற்று இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கும். மகள் புற்சரிவு என்று சொல்லும் அந்த இடத்தில் ஜூலையில் போய் நின்று பாருங்கள், மானாப்புல் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு சாண் வேர் உள்ள கன்றை மண்ணில் வைத்தால் அது எதைக் குடித்து வாழும்?

உங்களுக்கு நடுகைக் காலம் ஒக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் இறுதி வரை. அப்போது இடைப்பருவ மழை தொடங்கி, அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் வந்துவிடும். கன்றுக்கு அடுத்த ஜூன் வருவதற்குள் ஏறத்தாழ ஏழு மாதம் வேர் ஓட்டக் கிடைக்கிறது. முதல் கோடையைத் தாண்டுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஏழு மாதம்தான். ஜூன் 5 அன்று விழா வேண்டுமானால் குழிகளை அளந்து முளை அடிக்கும் விழாவாக வைத்துக்கொள்ளுங்கள், கன்றைத் தொடாதீர்கள்.

மரத் தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகமரம் நம் தேசிய மரம்தான், ஆனால் அது ஈரவலயத்து மரம். காய்ந்த வெளிச்சரிவில் வைத்தால் பல வருடம் முழங்கால் உயரத்திலேயே நிற்கும். மருது ஆற்றங்கரை மரம், உங்களிடம் ஓடை இருந்தால் அதன் ஓரத்தில் வையுங்கள். வேம்பு வறண்ட சமநிலத்துக்குப் பழகியது, இந்தச் சரிவுக்கு உரியதல்ல. உங்கள் பட்டியலில் இடத்துக்குப் பொருந்துவது நெல்லி ஒன்றுதான். அதனோடு கடுக்காய், தான்றி, வேங்கை, சிங்களத்தில் கஹட்ட என்று சொல்கிற மரம் ஆகியவற்றைச் சேருங்கள். ஊவாவின் புல்வெளிகளில் இயற்கையாகவே சேர்ந்து நிற்கும் கூட்டம் இது. தடித்த பட்டை உள்ள மரங்கள். தீ பட்டாலும் பெரும்பாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

பசுமைப்படை

வேங்கையடி ஐயா சொன்ன மரங்களை வைத்தால் தண்ணீர்ச் செலவே தேவையில்லையே? சுதேச மரம் என்பதன் அர்த்தமே அந்த மண்ணுக்கும் மழைக்கும் தானாகப் பழகியது என்பதுதான். காட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? நீர் ஊற்றிப் பழக்கினால் வேர் மேலேயே தங்கிவிடும்.

வேங்கையடி

பாதி சரி. வளர்ந்த கடுக்காய்க்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் காட்டில் விழுகிற விதைகளில் மிகப் பெரும்பாலானவை மரமாவதே இல்லை, காட்டுக்கு அந்த நட்டம் தாங்கும். கன்றுகளை எண்ணி வாங்கி நடுகிறவர்களுக்குத் தாங்காது. இன்னொன்று, விதையிலிருந்து அந்த இடத்திலேயே முளைத்த கன்றின் ஆணிவேர் நேராகக் கீழே போயிருக்கும். பொலித்தீன் பையில் வளர்ந்த கன்றின் வேர் பையின் அடியில் முட்டித் திரும்பியிருக்கும்.

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலே தங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகையால் ஒரு முறைக்கு 10 லீற்றராவது, மெதுவாக, குழிக்குள் இறங்கும்படி ஊற்ற வேண்டும். முதல் கோடையில் வாரம் ஒரு முறை, இரண்டாவது கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதன் பிறகு நிறுத்திவிடலாம்.

பசுமைப்படை

பத்து நாளைக்கு ஒரு முறை 20 லீற்றர் ஊற்றுவதுதான் நல்லது என்று நான் இன்னமும் நினைக்கிறேன், ஐயா. ஆழமாக நனையும்.

வேங்கையடி

மண் ஆழமாக இருந்தால் உங்கள் முறை நல்லது. பத்தனை எனப்படும் இந்த ஊவாப் புற்சரிவுகளில் பல இடங்களில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளைக்கல் வந்துவிடும். 20 லீற்றரில் பாதி பக்கவாட்டில் ஓடிப்போகும். மகள், குழி வெட்டும்போது எந்த ஆழத்தில் அலவாங்கு கல்லில் மோதுகிறது என்று குழிக்குக் குழி எழுதி வையுங்கள். எது சரி என்று உங்கள் மண்ணே சொல்லட்டும்.

தேயிலைக்கொழுந்து

நான் பண்டாரவளைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பாடசாலையிலும் மரம் நட்டார்கள். தண்ணீர்ப் பிரச்சினை இருக்கவில்லை, பிள்ளைகள் போட்டி போட்டு ஊற்றினார்கள். மழைக்குப் பிறகு நன்றாகத் தளிர்த்த கன்றுகள் ஒரே வாரத்தில் வரிசையாக வாட ஆரம்பித்தன. பூச்சி என்று நினைத்து மருந்து கூட அடித்தோம். பிறகு ஒரு பிள்ளை குனிந்து காட்டினாள்: பென்சில் பருமனான தண்டில், கணுக்கால் உயரத்தில், பட்டை சுற்றி வர உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. புல் வெட்டும் இயந்திரத்தின் நைலோன் நூல் பட்ட அடையாளம். வெட்டியவர் வேண்டுமென்று செய்யவில்லை, இடுப்பளவு புல்லுக்குள் கன்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

உங்கள் சரிவிலும் புல்லை இயந்திரத்தால்தான் வெட்டுவார்கள் என்றால் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

வேங்கையடி

மிஸ் சொன்னதை விண்ணப்பத்தில் அப்படியே ஓர் ஆபத்தாக எழுதுங்கள். காட்டில் நடுகிறவனுக்கு மாடும் தீயும் எதிரி என்றால், வளாகத்தில் நடுகிறவனுக்கு முதல் எதிரி புல் வெட்டும் இயந்திரம்தான்.

பரிகாரம் கடினமானதல்ல. கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் ஆரத்துக்குப் புல்லைக் கையால் அகற்ற வேண்டும். மானாப்புல் இளங்கன்றின் நீரைத் திருடுவதில் கெட்டிக்காரப் புல், அதனால் இந்தக் களையெடுப்பு எப்படியும் தேவை. அகற்றிய புல்லை விதை கட்டுவதற்கு முன் வெட்டி, வட்டத்துக்குள்ளேயே மூடாக்காகப் பரப்புங்கள். தண்டில் ஒட்டாமல் ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள், ஒட்டினால் கறையான் ஏறும். வட்டத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெள்ளை பூசிய இரண்டு முளைகள். இயந்திரக்காரருக்கு ஒரே விதி: வெள்ளை முளைக்குள் இயந்திரம் வரக்கூடாது.

ஆனால் சரிவு முழுவதையும் சுரண்டி வெறுமையாக்கிவிடாதீர்கள். நவம்பர் மழை மேல்மண்ணை மைதானத்துக்கு இறக்கிவிடும். வட்டத்துக்கு வெளியே புல் நிற்கட்டும்.

கணக்குப்பிள்ளை

நான் ஒரு வளாகத்தின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன். மரம் எனக்குத் தெரியாது, விண்ணப்பம் தெரியும். உங்கள் வரவுசெலவை வாசிக்கும் எவரும் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒரு நாள் நிகழ்வுக்கு 145,000, மூன்று வருடப் பராமரிப்புக்கு 30,000. நிதியம் கேட்பது உயிரோடு இருக்கும் மரங்களை. நீங்கள் விலை போட்டிருப்பது விழாவுக்கு.

வேங்கையடி ஐயா, ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கன்றுக்கு அந்த வட்டக் களையெடுப்பைச் செய்வார்? அது தெரிந்தால் மீதியை நான் போட்டுத் தருகிறேன்.

வேங்கையடி

சரிவில், மூடாக்கும் சேர்த்து, 40 கன்று. அதற்கு மேல் எழுதினால் வேலை ஓட்டமாக நடக்கும். முதல் இரண்டு வருடமும் வருடத்துக்கு நான்கு முறை, மூன்றாம் வருடம் இரண்டு முறை.

கணக்குப்பிள்ளை

நாட்கூலி ரூ. 2,500 என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஊர் விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 120 கன்றுக்கு ஒரு சுற்றுக் களையெடுப்பு மூன்று நாள் வேலை. மூன்று வருடத்தில் பத்துச் சுற்று, 30 நாள், 75,000. தண்ணீருக்கு முதல் கோடையில் 16 வாரம், இரண்டாவதில் 8 முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் நாள் என்றால் 60,000. ஆகப் பராமரிப்புக் கூலி மட்டும் 135,000. ஒரு கன்றுக்கு 1,125 ரூபாய்.

இப்போது உங்கள் 300 கன்றுக்கு அதையே பெருக்குங்கள்: 337,500. நான்கு இலட்சத்தில் மிச்சம் 62,500. அதற்குள் கன்றும் குழியும் தண்ணீர்த் தாங்கியும் வாங்க முடியாது. எனவே எத்தனை கன்று என்பதை நிலத்தின் அளவோ விழாவுக்கு வரும் ஆட்களோ தீர்மானிக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு எத்தனை கன்றைப் பராமரிக்கக் காசு இருக்கிறதோ அத்தனைதான். உங்களுக்கு அது ஏறத்தாழ 120.

மீதி இப்படி வரும். தண்ணீர்த் தாங்கியும் குழாயும் 45,000. மாடு வரும் பக்கம் வேலி 60,000. குழி ஒன்று ரூ. 300 வீதம் 36,000. சிறிய கன்றாக வாங்கினால் ரூ. 150 வீதம், பதில் நடுகைக்கும் சேர்த்து 144 கன்று, 21,600. முளைகள் 24,000, கூட்டெரு 18,000, இலக்கத் தகடு 6,000, நடுகை நாள் சாப்பாடு 15,000. பராமரிப்பையும் சேர்த்தால் 360,600. எதிர்பாராத செலவுக்கு 36,000 ஒதுக்கினால் 396,600. டீசேட்டுக்கு இடமில்லை, மன்னிக்கவும்.

ஊவாக்காற்று

300 என்பதை 120 ஆக்கினால் நிதியம் எங்களைச் சிறிய திட்டம் என்று தள்ளிவிடாதா, அண்ணா? மேலும் களையெடுப்பை மாணவர்களே இலவசமாகச் செய்யலாம் என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் 200 ஆவது நடலாமே.

கணக்குப்பிள்ளை

கோடை விடுமுறையிலும் பரீட்சைக் காலத்திலும் யார் வருவார்கள் என்று பெயரோடு எழுதித் தர முடிந்தால் 200 போடுங்கள். உங்கள் வளாகத்தில் ஓகஸ்ட்டில் மாணவர்கள் இருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நிதியங்கள் சிறிய எண்ணிக்கைக்காகத் தள்ளிப் பார்த்ததை விட, "பராமரிப்பு: மாணவர் பங்களிப்பு" என்று ஒற்றை வரியில் எழுதியதற்காகத் தள்ளியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். உங்கள் பணம் வளாகக் கணக்குக்குள் வந்தால் டிசெம்பர் 31 உடன் வருடம் முடிந்துவிடும். செலவழியாத தொகையை அடுத்த வருடம் எடுக்க அனுமதி தேடி அலைய வேண்டும். பணத்தை நிதியத்திடமே வைத்துவிட்டு மூன்று தவணையாகக் கேளுங்கள்: நடுகைக்கு முன் ஒன்று, முதல் கணக்கெடுப்புக்குப் பின் ஒன்று, இரண்டாவதற்குப் பின் ஒன்று. உங்கள் கழகத்தின் நிர்வாகக் குழு வருடா வருடம் மாறும். ஆகையால் வளாகப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளரும் கையொப்பமிட வேண்டும்.

வேங்கையடி

இனிப் படிவத்தின் அந்தக் கேள்விக்கு வருகிறேன், மகள். "பதில் நட்டு 85 வீதத்தைப் பேணுவோம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது எதையும் சரிபார்க்காது.

ஓர் உதாரணம் பாருங்கள். 120 நடுகிறீர்கள். முதல் கோடை முடிந்து எண்ணும்போது 84 உயிரோடு, 36 போய்விட்டன. அந்த 36 இடத்திலும் புதிதாக நடுகிறீர்கள். அடுத்த வருடம் எண்ணினால் 102 கன்று நிற்கிறது. 120க்கு 102, சரியாக 85 வீதம், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த 102இல் முதலில் நட்டவை 75 மட்டுமே, மீதி 27 பதில் நட்டவை. முதலில் நட்ட 120இல் 75 என்றால் 62.5 வீதம். நீங்கள் உண்மையில் மண்ணில் வைத்தது 156 கன்று, அதில் 102 என்றாலும் 65 வீதம்தான்.

எனவே முதல் நடுகையையும் பதில் நடுகையையும் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள். அப்படி வைத்தால் இன்னும் பயனுள்ள ஒன்று தெரியும். முதல் தொகுதி தன் முதல் வருடத்தில் 70 வீதம் தப்பியது. பதில் தொகுதி தன் முதல் வருடத்தில் 36க்கு 27, அதாவது 75 வீதம் தப்பியது. கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் இரண்டு வருடத்து மழை ஒன்றல்ல என்பதால் அதைப் பெரிதாகக் கொண்டாட முடியாது. முதல் வருடத்தைத் தாண்டிய 84இல் 75 நிற்கின்றன, 89 வீதம். முதல் கோடையில்தான் கொத்தாகச் சாகின்றன என்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிடும், அடுத்த வருடப் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பசுமைப்படை

அப்படியானால் செப்டெம்பர் கடைசியில், கோடை முடிந்ததும் எண்ணினால் உண்மையான எண் கிடைக்கும், அல்லவா?

வேங்கையடி

செப்டெம்பரில் எண்ணினால் உயிரோடு இருப்பதையும் செத்ததாக எழுதிவிடுவீர்கள். கடுக்காயும் தான்றியும் காய்ந்த காலத்தில் இலை உதிர்க்கும் மரங்கள். இலையில்லாத குச்சியைப் பார்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் புதுக்கன்று வைத்த கதைகள் நிறைய உண்டு.

நகத்தால் தண்டின் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே, மண்ணை ஒட்டிச் சுரண்டுங்கள். நுனி செத்து அடி பச்சையாக இருந்தால் "நுனி கருகியது, உயிருண்டு" என்று எழுதுங்கள். நெல்லி இப்படி அடியிலிருந்து திரும்ப வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐயத்துக்குரியவற்றை மழை வந்து தளிர் விடும் நவம்பர் நடுப்பகுதியில் மீண்டும் பார்த்து இறுதி எண்ணை எழுதுங்கள். பதில் நடுகையும் அப்போதுதானே, இரண்டும் ஒரே பயணத்தில் முடியும்.

செத்தது உறுதியானால் சும்மா பிடுங்கி எறியாதீர்கள், வேரைப் பாருங்கள். வேர் பை வடிவத்திலேயே சுருண்டிருந்தால் தவறு நாற்றுமேடையில் நடந்தது: கன்று பையில் நீண்ட காலம் கிடந்திருக்கிறது. வேரைச் சுற்றிப் பொலித்தீன் அப்படியே இருந்தால் நட்டவர் பையைக் கிழிக்கவில்லை. விழாக்களில் இது சர்வ சாதாரணம். தண்டில் வளையக் காயம் என்றால் மிஸ் சொன்ன இயந்திரம். வேர் நன்றாகப் பரவி, எல்லாம் காய்ந்திருந்தால் வறட்சி. காரணத்துக்கு ஒரு நிரல் ஒதுக்கினால் போதும். எத்தனை செத்தன என்பதை விட எதனால் செத்தன என்பதைக் காட்டும் அறிக்கைக்கு இரண்டாம் தவணை தர எந்த நிதியமும் தயங்காது என்று நினைக்கிறேன்.

மலைமுகில்

ஆனைக்கொய்யாவும் கொய்யாவும் வைத்தால் மாணவர்களுக்குப் பழமாவது கிடைக்குமே? யாரும் வெட்டவும் மாட்டார்கள்.

தேயிலைக்கொழுந்து

அவர்கள் கேட்பது சுதேச மரங்களுக்கான நிதி, தம்பி. ஆனைக்கொய்யாவும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பழம் வேண்டுமென்றால் நெல்லி இருக்கிறதே.

ஊவாக்காற்று

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவோடு இன்று மாலை பேசினேன். 120 கன்று, நவம்பர் முதல் வாரம் நடுகை, டீசேட் இல்லை என்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். 200 வேண்டும் என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஓகஸ்ட் பெயர்ப்பட்டியல் கொண்டு வந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கேள்விகள், ஐயா. கடுக்காயும் வேங்கையும் இங்கே கேட்ட இடங்களில் இல்லை, மருதும் நாகமும்தான் இருக்கின்றன. விடுதிக்குப் பின்னால் சரிவு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறது. மண் சரியாமல் இருக்க அங்கேதான் முதலில் நட வேண்டும் என்று விடுதிப் பொறுப்பாளர் கேட்கிறார்.

வேங்கையடி

முதல் கேள்விக்கு: விற்பவரிடம் இருப்பதைப் பார்த்துத் திட்டம் போட்டால் திரும்பவும் நாகமும் மருதும்தான் வரும். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நாற்றுமேடையில் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கடுக்காய்க் கொட்டை கடினமானது, முளைக்க நாளெடுக்கும். நவம்பருக்குக் கன்று வேண்டுமென்றால் வருடத் தொடக்கத்திலேயே விதை பையில் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்து மரங்களின் விதை என்றால் மிக நல்லது. கிடைக்காத மரத்தின் இடத்தை அடுத்த வருடத்துக்கு விட்டு வையுங்கள், வேறு மரத்தால் நிரப்பாதீர்கள்.

இரண்டாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மரவேர் மேல்மண்ணைப் பிடிக்கும், அது உண்மை. ஆனால் ஆழத்தில் வழுக்குகிற சரிவை இளங்கன்று நிறுத்தாது. வெட்டிய விளிம்பில் வளரும் பெரிய மரம் காற்றில் ஆடிப் பாரமாகவும் ஆகலாம். 2014இல் மீரியபெத்தவில் நடந்த மண்சரிவைப் பார்த்த மாவட்டம் இது. அந்தப் பகுதியைப் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் ஒரு குழி கூட வெட்டாதீர்கள். மேலிருந்து வரும் மழைநீர் எந்தக் கானில் போகிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் விண்ணப்பத்தில் விடுதிப் பின்புறத்தை இப்போது சேர்க்காதீர்கள். நிலப்படத்தில் அதைக் கோடிட்டு "ஆலோசனை கிடைத்த பின் முடிவு செய்யப்படும்" என்று எழுதுங்கள். 120 கன்றும் மைதானத்துக்கு மேலேயே அடங்குமா?

ஊவாக்காற்று

மூன்று மீற்றர் இடைவெளியில் அடங்கும், அண்ணா. நாளை நாடாவைக் கொண்டுபோய் மீண்டும் அளக்கிறோம். இலக்கத் தகட்டைக் கம்பியால் தண்டிலேயே கட்டலாமா?

வேங்கையடி

தண்டில் கட்டாதீர்கள், தண்டு பருக்கும்போது கம்பி நெரிக்கும். முளையில் ஆணி அடியுங்கள். முளையும் ஒரு நாள் காணாமல் போகும், ஆகையால் ஒவ்வொரு கன்றும் மைதான மதிலின் எந்த மூலையிலிருந்து எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று வரைபடத்திலும் குறித்து, ஒரு பிரதியைப் பராமரிப்புப் பிரிவில் கொடுத்து வையுங்கள்.